பாஸ்போலிப்பிட் ஏன் ஈரடுக்காக அமைகிறது: தாளில் வரைந்தும் கணக்கிட்டும் பார்ப்போம்

செல் சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூறான பாஸ்போலிப்பிட் நீரில் ஏன் ஈரடுக்காக அமைகிறது என்பதைப் புரிந்துகொள்ள அசைவூட்டப் படங்களைவிடப் பென்சிலும் தாளுமே மேல் என்பது என் கருத்து. அசைவூட்டத்தில் மூலக்கூறுகள் தாமாக வரிசையில் வந்து நிற்பது தெரியுமே தவிர, ஏன் நிற்கின்றன என்பது தெரியாது.

முதலில் ஒரு வட்டத்தையும் அதிலிருந்து தொங்கும் இரண்டு கோடுகளையும் வரையுங்கள். வட்டம் பாஸ்பேட்டும் கோலினும் கொண்ட தலை. மின்னேற்றங்கள் இருப்பதால் அது நீரோடு எளிதில் சேரும். கோடுகள் 16 கார்பன் நீளமுள்ள வால்கள். டி.பி.பி.சி. என்ற பாஸ்போலிப்பிட்டின் வடிவம் இதுதான்.

அடுத்து, வால்களைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை வரையுங்கள். நீர் மூலக்கூறு எப்பக்கமும் திரும்பி, அண்டை மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். வாலோடு அத்தகைய பிணைப்பு அமையாது என்பதால், அதை ஒட்டி நிற்கும் நீர் தன் பிணைப்புகளை இழக்காமலிருக்கச் சில திசைகளில் மட்டுமே திரும்ப முடிகிறது. அதாவது பல விதமாக அமையும் வாய்ப்பின் அளவான அதன் என்ட்ரோபி குறைகிறது. வால்கள் ஒன்றுசேர்ந்தால் நீரைத் தொடும் பரப்பு சுருங்கி, சிக்கியிருந்த நீர் விடுபடுகிறது. ஆகவே வால்கள் நீரை வெறுத்து ஓடுவதாக எண்ண வேண்டாம். வாலுக்கும் நீருக்கும் இடையே மெல்லிய ஈர்ப்புகூட உண்டு. ஆதாயம் முதன்மையாக நீருக்கே.

வால்களை மறைக்க ஓர் உருண்டை போதாதா என்ற கேள்வியைப் பெரும்பாலான விளக்கங்கள் தாண்டிச் சென்றுவிடுகின்றன. அதற்கு விடை கணக்கில் இருக்கிறது:

```
p = v / (a × l)
```

இதில் p மூலக்கூறின் வடிவத்தைச் சொல்லும் எண், v வால்களின் கன அளவு, a தலை அடைக்கும் பரப்பு, l நீட்டிய வாலின் நீளம். 50 டிகிரி செல்சியஸில் ஒரு தலைக்குச் சுமார் 0.64 சதுர நானோமீட்டர். வாலின் நீளம் ஏறத்தாழ 2.17 நானோமீட்டர், ஒரு வாலின் கன அளவு 0.458, இரண்டுக்கும் 0.916 கன நானோமீட்டர். ஒரே வால் இருந்தால் p 0.33 ஆகும், அது கூம்பு வடிவம், உருண்டைக்குப் பொருந்தும். இரண்டு வால்களுக்கு p 0.66 வருகிறது, அது ஈரடுக்குக்குரிய 0.5 முதல் 1 வரையிலான எல்லைக்குள் இருக்கிறது.

உருண்டையின் நடுவே வெற்றிடம் இருக்க முடியாததால் அதன் ஆரம் வாலின் நீளத்தைத் தாண்டாது. அப்படிப்பட்ட உருண்டையில் ஒவ்வொரு மூலக்கூறும் 3v/l, அதாவது 1.27 சதுர நானோமீட்டர் பரப்பை மூட வேண்டும். தலையோ அதில் பாதியைத்தான் மூடும், மீதியில் வால்கள் நீரில் தெரியும். தட்டையான அடுக்கில் இந்தச் சிக்கல் இல்லை. 0.916-ஐ 0.64-ஆல் வகுத்தால் ஓரடுக்கின் வால்பகுதி 1.43 நானோமீட்டர் தடிமன்; இரண்டடுக்குக்குச் சுமார் 2.9. அளவீடுகளும் ஏறக்குறைய இதையே காட்டுகின்றன. தட்டின் விளிம்பிலும் வால்கள் வெளியே தெரியுமாதலால், போதிய அளவு பெரிய தட்டு வளைந்து மூடிய பையாகிறது.

பின்சேர்க்கை: அறை வெப்பநிலையில் 0.64-ஐப் பயன்படுத்தலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. டி.பி.பி.சி. சுமார் 41 டிகிரிக்குக் கீழே இறுகிவிடுவதால், ஒரு தலைக்கான பரப்பு சுமார் 0.48 ஆகக் குறைகிறது. அப்போது p 0.88 வரும், அதுவும் ஈரடுக்குக்குரிய அதே எல்லைக்குள்ளேயே இருக்கிறது.