பாட்டுப் பெயருக்குப் பின்னால் இருக்கும் அடைப்புக்குறியைப் படிக்காமல் விடும் தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் பல கல்யாண வரவேற்புகளில் வாத்தியக்காரர்கள் இல்லை. கரோக்கியைப் போட்டுவிட்டு வீட்டுப் பிள்ளைகளே பாடுகிறார்கள். பொள்ளாச்சியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், மலையாளம் பேசும் அக்கம்பக்கத்தார் ஒரு பக்கம். தமிழ், மலையாளம் இரண்டு மொழிப் பாட்டும் ஒரே மேடையில் வரும். இந்த மேடையில் நடக்கும் குழப்பத்தில் முக்கால்வாசி பாட்டின் பெயரைப் பாதி மட்டும் படிப்பதால் வருவது. பெயர் சரியாக இருக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் சொல்லை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

‘வசீகரா’வை எடுத்துக்கொள்வோம். 2001இல் வந்த ‘மின்னலே’ படத்துக்காக பாம்பே ஜெயஸ்ரீ பாடியது. தேடினால் இந்த மாதிரிப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும்:

```
Vaseegara (From "Minnale")
Vaseegara (Reprise)
Vaseegara (Remix)
Vaseegara (Instrumental)
Vaseegara (Karaoke)
Vaseegara (Karaoke with Chorus) +2
```

படத்தில் வந்த அதே ஒலிப்பதிவு இதில் முதலாவது மட்டும்தான். ரீப்ரைஸ் என்றால் அதே மெட்டு இன்னொரு மனநிலையில் திரும்பி வருவது. பெரும்பாலும் மெதுவாக, குறைந்த வாத்தியங்களோடு, சோகத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். நீளத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அசல் நாலைந்து நிமிடம் ஓடுகிற இடத்தில் ரீப்ரைஸ் பல நேரம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பெண் மேடைக்கு நடந்து வரும்போது போட வேண்டியது அதுவல்ல.

வெர்ஷன் என்ற சொல் தனியாக எதையும் சொல்லாது, அதற்கு முன்னால் இருப்பதைப் படிக்க வேண்டும். ஆண் வெர்ஷனா, பெண் வெர்ஷனா, தெலுங்கு வெர்ஷனா என்பது அங்கேதான் இருக்கும். ஃபிலிம் வெர்ஷன் என்றால் படத்துக்காக வெட்டியதாகவோ நடுவில் வசனம் கலந்ததாகவோ இருக்கலாம், மேடைக்கு அதை நம்பக் கூடாது.

ரீமிக்ஸில் கொஞ்சம் நிதானம் தேவை. தாத்தா ‘பொன்மகள் வந்தாள்’ கேட்டால், அவர் மனதில் இருப்பது 1970இல் வந்த ‘சொர்க்கம்’ படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடியது. பெயரை மட்டும் அடித்தால் 2007இல் ‘அழகிய தமிழ்மகன்’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் செய்த ரீமிக்ஸ் முன்னால் வந்து நிற்கலாம். ‘தொட்டால் பூ மலரும்’ இன்னும் சிக்கலானது. 1964இல் ‘படகோட்டி’க்கு வாலி எழுதிய வரிகளை எடுத்து, 2004இல் ‘நியூ’ படத்தில் ரஹ்மான் வேறு மெட்டே போட்டார். அதில் ரீமிக்ஸ் என்ற சொல்லைத் தேடிப் பயனில்லை. படத்தின் பெயரும் ஆண்டும்தான் வழிகாட்டும். ரீமாஸ்டர்ட் என்று போட்டிருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். அது பழைய ஒலிப்பதிவையே சுத்தம் செய்தது, குரல் மாறாது.

இனி கரோக்கி. மேடையில் மானம் போவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் தவறு, இன்ஸ்ட்ருமென்டலையும் கரோக்கியையும் ஒன்று என்று நினைப்பது. இன்ஸ்ட்ருமென்டலில் பாடுகிறவர் இடத்தில் புல்லாங்குழலோ வயலினோ உட்கார்ந்து முழு மெட்டையும் வாசிக்கும். அதன்மேல் பாடினால் இரண்டும் மோதும். சாப்பாட்டு நேரத்தில் மெல்லப் போட அருமையான விஷயம், பாடுவதற்கு ஆகாது. முதல் பத்து விநாடியைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், முன்னிசை எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பல்லவி தொடங்கும் இடத்துக்குத் தள்ளிக் கேளுங்கள். மெட்டை ஏதாவது வாத்தியம் வாசித்தால் அது கரோக்கி இல்லை.

அடுத்தது ஸ்ருதி. பெயரின் கடைசியில் +2, -3 என்று இருக்கும் எண்ணைப் பலரும் ஃபைல் நம்பர் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஹார்மோனியத்தில் கறுப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணி எத்தனை கட்டை மேலே அல்லது கீழே நகர்த்தியிருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண். ‘வசீகரா’ தாழ்ந்த குரலில் பாடிய பாட்டு. மணப்பெண்ணின் தங்கை ஒருத்தி அதை அசல் ஸ்ருதியில் பாடிப் பார்த்துவிட்டு, “அண்ணா, கீழ போறப்ப குரலே வரல, வெறும் காத்துதான் வருது” என்றாள். பயிற்சி போதவில்லை என்று வீட்டில் சொன்னார்கள். குறை அவளிடம் இல்லை, ஸ்கேலில்தான் இருந்தது. +2 வைத்தபோது கீழ் வரி கொஞ்சம் வந்தது, +3இல் தெளிவாக வந்தது, மேல் வரியும் இழுக்காமல் நின்றது. இப்படிப் பார்க்கும்போது பாட்டின் மிகத் தாழ்ந்த வரியையும் மிக உயர்ந்த வரியையும் பாடச் சொன்னாலே போதும், முழுப் பாட்டு தேவையில்லை. ஒரு முழுப் பதிவை நாலைந்து கட்டைக்கு மேல் நகர்த்தினால் வாத்தியங்களின் சத்தமே செயற்கையாகிவிடும். அப்போது வேறு பாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கோரஸுடன் என்று போட்டிருந்தால் பின்குரல்கள் மட்டும் இருக்கும், தனியாகப் பாடுகிறவருக்கு அது துணை. ஆனால் ஜோடிப் பாட்டுக் கரோக்கி சிலவற்றில் ஆண் குரலையோ பெண் குரலையோ விட்டுவைத்திருப்பார்கள். இரண்டு பேர் பாடப் போகிறார்கள் என்றால் இரண்டு குரலும் நீக்கியதுதான் வேண்டும். இதைக் கண்டுபிடிக்க இரண்டாவது சரணம் வரை கேட்டாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் இயர்போனில் அருமையாகக் கேட்ட கரோக்கி, மண்டபத்தில் போட்டதும் பாடகர் குரலோடு வருகிறது, இல்லையென்றால் இசையே காணாமல் போகிறது. மைக் செட்டைத் திட்டுவார்கள், காரணம் ஃபைலில் இருக்கும். சில பழைய கரோக்கிகளில் இடது பக்கம் வெறும் இசை, வலது பக்கம் குரலோடு கூடிய பாட்டு என்று பிரித்து வைத்திருப்பார்கள். மண்டப ஆம்ப்ளிஃபயர் மோனோவாக இருந்தால் இரண்டையும் கலந்துவிடும், குரல் வந்துவிடும். வேறு சிலவற்றில், நடுவில் இருக்கும் குரலை அழிப்பதற்காக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தைக் கழித்து, அதையே ஒன்றுக்கொன்று தலைகீழாக இரண்டு பக்கமும் வைத்திருப்பார்கள். அவை மோனோவில் சேரும்போது ஒன்றையொன்று விழுங்கிவிடும். இயர்போனில் கேட்டால் சத்தம் நடுவில் நிற்காமல், இரண்டு காதுக்கும் வெளியே விரிந்து கிடப்பதுபோல் இருக்கும்.

இதை முன்கூட்டியே அறிய போனிலேயே வழி இருக்கிறது. அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் மோனோ ஆடியோ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். குரல் எட்டிப் பார்த்தாலோ இசை ஒடுங்கினாலோ அந்த ஃபைல் மண்டபத்தில் அப்படியே ஓடாது. வேறு பதிவு கிடைக்கவில்லையென்றால் அந்த மோனோ பொத்தானை அணைத்துவிட்டு, போனிலிருந்து மிக்ஸருக்கு வரும் வயரில் ஒரு பக்கத்தை மட்டும் செருகச் சொல்லுங்கள். முதல் வகையில் குரல் இல்லாத பக்கம், இரண்டாவது வகையில் எந்தப் பக்கமானாலும் சரி.

தேர்ந்தெடுத்து முடித்த பிறகு ஃபைலுக்கு நீங்களே பெயர் வையுங்கள், பாடுகிறவர் வரிசையும் ஸ்ருதியும் தெரியும்படி:

```
03_Vaseegara_Karaoke_+3.mp3
```

பென் டிரைவில் அந்த நிகழ்ச்சிக்கான பாட்டுகள் மட்டும் இருக்கட்டும், ஒத்திகைக்குப் போட்ட மற்ற ஸ்கேல்களை அழித்துவிடுங்கள். நேரடியாகப் போனிலிருந்து ஓட்டுவதானால் தானாக அடுத்த பாட்டுக்குப் போவதை நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் தங்கை பாடி முடித்துக் கைதட்டல் வரும் நேரத்தில் அதே பாட்டின் ரீமிக்ஸ் கிளம்பிவிடும்.