நண்பர்கள் சேர்ந்து நடத்தும் யூடியூப் சேனலா? முதல் பணம் வருமுன் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்

விளம்பர வருமானம் ஆட்சென்ஸ் கணக்கு வைத்திருக்கும் ஒருவரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். வருமான வரித் துறையும் அவர் பான் எண்ணைத்தான் பார்க்கும். அதனால் பங்கு பிரிக்குமுன் செலவையும் வரிக்கான தொகையையும் கழிக்க வேண்டும் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் எல்லோர் வரியையும் ஒருவரே கட்டுவார்.

உதாரணமாக மூன்று பேர் நடத்தும் சேனலுக்கு மாதம் ரூ.30,000 வருகிறது. எடிட்டிங், பயணச் செலவு ரூ.6,000, வரிக்கு ரூ.4,000 போக மிச்சம் ரூ.20,000. 40-30-30 என்றால் ரூ.8,000, ரூ.6,000, ரூ.6,000. ஸ்பான்சர் பணத்துக்கும் இதே கணக்கா என்பதையும் எழுதிவிடுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வரும்.

சேனல் ஒருவரின் சொந்த ஜிமெயிலில் இருந்தால் பாஸ்வேர்டு அவர் கையில்தான். பிராண்ட் அக்கவுண்டாக இருந்தால் இன்னொருவரையும் ஓனராகச் சேர்க்கலாம். முதன்மை ஓனர் யார் என்பதைப் பெயரோடு குறியுங்கள்.

அப்புறம், விலகுபவர் விஷயம். பழைய வீடியோக்கள் தொடர்ந்து சம்பாதிக்கும். அவர் நடித்தவற்றில் எத்தனை மாதம் பங்கு, சேனல் பெயர் யாருக்கு என்று தெளிவாக எழுதி, முத்திரைத்தாளில் எல்லோரும் கையெழுத்திடுங்கள். சட்டப்படி கூட்டு வியாபாரமாகக் கருதப்பட்டு, பங்கு பற்றி எந்த ஒப்பந்தமும் இல்லையென்றால், 1932 கூட்டாண்மைச் சட்டம் லாபத்தைச் சமமாகவே பிரிக்கும், உழைப்பு எப்படி இருந்தாலும்.