கூட்டு ஊசல்: மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் இடையில்

ஒரு மீட்டர் உலோகச் சட்டத்தைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் g கண்டுபிடிக்கும் கூட்டு ஊசல் சோதனையில், அலைவு நேரம் T-இன் வர்க்கமான T²-ஐ, கத்தி முனைக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இடையிலான தூரமான h-க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும் என்று என் சூத்திரம் சொன்னது. வரைபடமோ முதலில் இறங்கிப் பின் ஏறியது. அலைவுகளை மறுபடி எண்ணினேன், கத்தி முனையைச் சரிபார்த்தேன். மூன்று நாள் போனது. விரிவுரையாளருக்குக் கடைசி வரியை மட்டும் அனுப்பியபோது, "முழு வருவிப்பையும் அனுப்புங்கள்" என்று பதில் வந்தது.

எல்லா வரிகளுக்கும் எண்ணிட்டு மறுபடி எழுதினேன்: "மதிப்பிற்குரிய ஐயா, சுழற்சி ஆரம் k, h, g மூன்றுக்கும் 1 என்று பிரதியிட்டால் எல்லா வரிகளும் ஒரே விடையைத் தருகின்றன. இயற்கணிதம் முதலில் பிசகுவது எந்த வரியில் என்று மட்டும் சொல்ல முடியுமா?"

"நான்காவது வரியில். h = 1 என்பதே தவற்றை மறைக்கிறது; உண்மையான அளவைப் போடுங்கள்" என்றார்.

```
3: T² = 4π²(k² + h²)/(gh)
4: T² = 4π²(k² + h)/g
```

h-ஆல் வகுத்தபோது k²-ஐ விட்டுவிட்டேன். h = 0.20 மீ, k² = 0.0833 மீ² எனப் போட்டால் மூன்றாவது வரி 2.48 தருகிறது, நான்காவது 1.14 தருகிறது. பரப்பளவான k²-உடன் நீளமான h-ஐக் கூட்டியிருந்ததை அலகைப் பார்த்திருந்தாலே பிடித்திருக்கலாம்.

மூன்றாவது வரியை h-ஆல் பெருக்கி, hT²-ஐ h²-க்கு எதிராக வரைந்தேன். பழைய அளவீடுகளே நேர்கோட்டில் அமர்ந்தன. அதன் சாய்வு 4π²/g.