நிறையா, எடையா, திணிவா? அறிவியல் பயிற்சித்தாளைத் தமிழாக்கும் முறை

ஒன்பதாம் வகுப்பு இயற்பியலுக்காக ஆங்கிலப் பயிற்சித்தாள் ஒன்றைத் தமிழில் மாற்றி, இணையவழி வகுப்பில் கொடுத்தேன். அதில் ஒரு கேள்வி: “6 கிலோகிராம் கல்லை நிலவுக்குக் கொண்டுசென்றால் அதன் நிறை மாறுமா?” தமிழ்நாட்டுப் பாடநூலைப் படிப்பவர்கள் “மாறாது” என்று எழுதினார்கள். இலங்கைப் பாடநூலைப் படிப்பவர்கள் “ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும்” என்று எழுதினார்கள். இரண்டு விடைகளும் சரி. தவறு என் கேள்வியில் இருந்தது.

ஆங்கிலத்தில் மாஸ் எனப்படுவது தமிழ்நாட்டில் நிறை, இலங்கையில் திணிவு. வெயிட் எனப்படுவது தமிழ்நாட்டில் எடை, இலங்கையில் நிறை. ஒரே சொல் பாக் நீரிணையின் இரு கரைகளிலும் இரண்டு வெவ்வேறு அளவுகளைக் குறிக்கிறது. அந்தத் தாளைத் திருத்தியபோது நான் கற்றுக்கொண்ட முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: சொல்லுக்கு முன் வரையறையை எழுதுங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன், தாளில் வரும் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு வரி வரையறை, குறியீடு, அலகு. பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு, m, kg. அந்தப் பொருளைப் புவி இழுக்கும் விசை, W, N. இதற்கு எழுத்துக் கோப்பைவிட விரிதாள்தான் வசதி. நான் லிப்ரே ஆஃபிஸ் கால்க் பயன்படுத்துகிறேன். ஒரு வரிசையில் ஒரு சொல் என்றிருந்தால் பின்னால் தேடுவது எளிது.

உறவுள்ள சொற்களை ஒன்றாக வையுங்கள். நிறையை மட்டும் தனியாக எடுத்துத் தமிழ் தேடினால் எதுவும் பொருந்துவதுபோலத் தோன்றும். எடையும் பக்கத்தில் இருந்தால்தான் மோதல் கண்ணில் படும்.

படி 2: மாணவர் எந்தப் பாடநூலைப் படிக்கிறார்?

தமிழ் விக்சனரியில் ஒரு சொல்லைத் தேடினால் பல சமயம் நான்கைந்து இணைகள் வரிசையாக நிற்கும். எது எந்த நாட்டு வழக்கு என்று எல்லா இடத்திலும் குறிப்பு இருக்காது. நான் அதில் அழகாகத் தெரிந்ததை எடுத்தேன். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. இப்போது முதலில் மாணவரின் பாடநூலைத்தான் பார்க்கிறேன். தேர்வில் அவர் சந்திக்கப்போகும் சொல் அதுதான். பாடநூலிலும் கடைசிப் பக்கச் சொற்பட்டியலை நம்பி நின்றுவிடாமல், பாடத்துக்குள் அந்தச் சொல் வரையறுக்கப்படும் வரிக்குப் போய், உங்கள் விரிதாள் வரையறையோடு ஒப்பிடுங்கள்.

இந்தக் குழப்பம் ஏன் வந்தது என்பதற்குச் சொற்களின் வேரிலேயே தடயம் இருக்கிறது. நிறுத்துப் பார்ப்பது நிறை. எடுத்துப் பார்ப்பது எடை. இரண்டும் தராசிலிருந்து பிறந்தவை. அன்றாட வாழ்க்கையில் இரண்டும் ஒன்றுதான். பிரித்துப் பார்க்கும் தேவை இயற்பியலோடு வந்தது. அப்போது எந்தச் சொல்லை எந்தப் பக்கம் வைப்பது என்று இரு நாடுகளும் தனித்தனியே முடிவுசெய்தன. திணிந்திருப்பதைக் குறிக்கும் திணிவு, பருப்பொருளின் அளவுக்கு நல்ல சொல் என்பது என் எண்ணம். ஆனாலும் தமிழ்நாட்டு மாணவருக்கு அதைக் கொடுக்கமாட்டேன். அவருடைய வினாத்தாளில் அந்தச் சொல் வராது.

படி 3: இரண்டாம் பதிப்பு செய்யும்போது வரிசை தவறக்கூடாது

என்னை அதிக நேரம் பிடித்துவைத்த இடம் இது. தமிழ்நாட்டுப் பதிப்பு தயாரானதும், தேடி மாற்றும் வசதியால் இலங்கைப் பதிப்பை உருவாக்க நினைத்தேன். முதலில் எடையை நிறை என்று மாற்றினேன். உடனே தாள் முழுவதும் நிறையாகிவிட்டது. எது பழைய நிறை, எது புதிய நிறை என்று பிரிக்க வழியில்லை. கோப்பை மீட்டு, நிறையிலிருந்து தொடங்கினேன். இம்முறை “நிறைய” என்ற சொல் “திணிவுய” ஆனது. “நிறையின்” என்பது “திணிவுயின்” ஆனது.

நிறை ஐகாரத்தில் முடிவதால் வேற்றுமை உருபு சேரும்போது இடையில் யகரம் வருகிறது. திணிவு உகரத்தில் முடிகிறது. உயிரெழுத்தில் தொடங்கும் உருபு வந்தால் அந்த உகரம் கெட்டு “திணிவை”, “திணிவின்” என்றாகிறது. ஆகவே உருபேற்ற வடிவங்களை முதலில் மாற்றி, வெறும் சொல்லைப் பின்னால் மாற்ற வேண்டும்:

```
நிறையின்  → திணிவின்
நிறையை   → திணிவை
நிறையும்  → திணிவும்
நிறைக்கு  → திணிவுக்கு
நிறை     → திணிவு
எடை      → நிறை
```

ஐந்தாவது வரியில் “அனைத்தையும் மாற்று” பொத்தானைத் தொடாதீர்கள். நிறைய, நிறைவு, நிறைந்த எல்லாம் அங்கே மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். கடைசி வரி தொல்லை தராது; எடை, நிறை இரண்டுமே ஐகாரத்தில் முடிவதால் உருபுகள் அப்படியே பொருந்துகின்றன.

அதன் பிறகும் முன்னால் நிற்கும் சொல்லைப் பார்க்க வேண்டும். “அந்த நிறை” என்பது “அந்தத் திணிவு” ஆக வேண்டும். “ஓர் எடை” என்பது “ஒரு நிறை” ஆக வேண்டும். இதை எந்த மென்பொருளிடமும் விடாமல் கண்ணால்தான் படிக்கிறேன்.

படி 4: அலகை வைத்துச் சரிபார்த்தல்

எந்தப் பதிப்பாக இருந்தாலும் குறியீடும் அலகும் மாறுவதில்லை. அவைதான் சோதனைக் கருவி. அந்தக் கல்லையே எடுத்துக்கொள்வோம்:

```
W = mg
புவியில்:  6 kg × 9.8 m/s² = 58.8 N
நிலவில்:  6 kg × 1.6 m/s² = 9.6 N
```

தமிழ்நாட்டுப் பதிப்பில் kg பக்கத்தில் நிறையும், N பக்கத்தில் எடையும் நிற்க வேண்டும். இலங்கைப் பதிப்பில் kg பக்கத்தில் திணிவு, N பக்கத்தில் நிறை. தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். நிறை என்ற சொல்லுக்கு அருகில் ஓரிடத்தில் kg, மற்றோரிடத்தில் N இருந்தால் இரு வழக்குகளும் கலந்துவிட்டன என்று பொருள்.

அலகே இல்லாத கேள்விகள் இந்தச் சோதனையில் தப்பிவிடும். நான் சறுக்கிய நிலவுக் கேள்வியில் 6 கிலோகிராம் இருந்தும், “நிறை” என்ற சொல்லின் பக்கத்தில் அலகு இல்லை. அதனால் இப்போது ஒவ்வொரு கேள்வியிலும் சொல் முதன்முறை வரும்போது குறியீட்டையும் சேர்த்து எழுதுகிறேன்: “அதன் நிறை m மாறுமா?”

W என்ற எழுத்தைப் பற்றி மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை என்ற அளவுக்கும் அதே எழுத்துதான் வரும். ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாக வந்த குறியீடு, தமிழில் படிப்பவருக்கு எதையும் நினைவூட்டாது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஓர் இலங்கை ஆசிரியர் இன்னொரு பொறியைச் சுட்டிக்காட்டினார். தமிழ்நாட்டில் வேகம் என்றால் ஸ்பீடு. வெலாசிட்டிக்குத் திசைவேகம் என்ற தனிச்சொல் இருக்கிறது. இலங்கையில் ஸ்பீடு என்பது கதி, வெலாசிட்டிதான் வேகம். இங்கே அலகுச் சோதனை கைகொடுக்காது, இரண்டுக்கும் m/s தான். வாக்கியத்தில் திசை சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். “வடக்கு நோக்கி 5 m/s” என்றிருந்தால் தமிழ்நாட்டுப் பதிப்பில் திசைவேகம், இலங்கைப் பதிப்பில் வேகம். மாற்றும்போது முதலில் திசைவேகத்தைத் தொட்டுவிடாமல் தனியே நிற்கும் வேகத்தைக் கதியாக்கி, அதன் பிறகு திசைவேகத்தை வேகமாக்குங்கள்.