வயதுப் பட்டியலில் காணாமற்போகும் பழைய பாக்கி

வரவேண்டிய கடன்களைத் தவணை கடந்த நாட்களின்படி வயதுப் பட்டியலாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விழுக்காடு வைத்து ஐயக்கடன் ஒதுக்கைக் கணக்கிடும் முறையை எவரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். கூட்டல் பிழையையும் விடுபட்ட பெயரையும் சரிபார்ப்பவர் பிடித்துவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாக வருவோர், முன்பு நாங்கள் செய்த தவறுகளையே மீண்டும் செய்வதைப் பார்க்கிறேன். அவற்றுள் ஒன்று இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

வந்த பணத்தை மிகப் பழைய பில்லில் கழிப்பது

வாடிக்கையாளர் அனுப்பும் பணம் எந்த பில்லுக்கு உரியது என்று பாராமல், மிகப் பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழிக்கும் வசதி பல கணக்கு மென்பொருள்களில் உண்டு. வேலை மிச்சம் என்று அதை இயக்கிவிடுகிறார்கள். அந்த வாடிக்கையாளர் ஒரு பில்லை மட்டும் தகராறு காரணமாக நிறுத்தி வைத்திருந்தால், அந்தப் பாக்கி வயதுப் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும்.

நான் சரிபார்த்த ஒரு பட்டியலின் வடிவம் இப்படி இருந்தது; தொகைகளை எளிதாக்கித் தருகிறேன். ஒருவர் மாதந்தோறும் 3,00,000-க்குச் சரக்கு வாங்கி, 30 நாள் தவணைக்குள் ஒழுங்காகப் பணம் கட்டிவந்தார். சரக்கின் தரம் சரியில்லை என்று சொல்லி, 4,00,000-க்கான ஒரு பழைய பில்லை மட்டும் அவர் கட்டவில்லை. அது தவணை கடந்து 210 நாள் ஆகியிருந்தது. ஆண்டிறுதியில் அவருடைய மொத்த நிலுவை 7,00,000: அந்தப் பழைய பில்லும், தவணை முடியாத கடைசி பில் 3,00,000-உம்.

மென்பொருளோ, புதிய பில்களுக்கென்று அவர் அனுப்பிய பணத்தைப் பழைய பில்லில் கழித்துவிட்டது. எனவே பட்டியலில் தவணை முடியாதது 3,00,000, பத்து நாள் கடந்தது 3,00,000, நாற்பது நாள் கடந்தது 1,00,000 என்று இருந்தது. அந்தப் பிரிவுகளுக்கு முறையே 1, 3, 8 விழுக்காடு என்று கொண்டால் ஒதுக்கு 20,000 மட்டுமே. பில்வாரியாகப் பார்த்து, 180 நாள் கடந்ததற்கு 60 விழுக்காடு வைத்தால் 2,43,000 வருகிறது. மொத்த நிலுவை இரண்டிலும் 7,00,000 என்பதால், பட்டியலைப் பேரேட்டுடன் ஒப்பிட்டு டிக் போடுபவருக்கு எந்த ஐயமும் எழாது.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. எப்போதும் முழு பில்லாகக் கட்டுபவரின் கணக்கில் பாதி கட்டிய பில் ஒன்று தெரிந்தால், அங்கே நின்றுவிட வேண்டும். பணத்துடன் அவர் அனுப்பிய பில் விவரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். அவரிடமிருந்து நிலுவை உறுதிக் கடிதம் கேட்கும்போது, மொத்தத் தொகையை மட்டும் கேட்காமல் பில்வாரியாகக் கேட்க வேண்டும். தகராறான பில்லைப் பட்டியலிலிருந்து தனியே எடுத்துவிடுவது நல்லது. அவரிடம் பணம் இல்லாமையால் வராத கடன் வேறு, சரக்குக் குறைக்காக நாமே கிரெடிட் நோட் கொடுக்கவேண்டிய தொகை வேறு. பின்னது விற்பனையைக் குறைக்கும், ஐயக்கடனாகாது.

சென்ற ஆண்டு விழுக்காட்டை அப்படியே எழுதுவது

விழுக்காடு சொந்த வசூல் வரலாற்றிலிருந்து வரவேண்டும். வசூல் முழுதும் முடிந்துவிட்ட ஒரு பழைய காலத்தின் கடன் விற்பனை 100 என்று கொள்வோம். அதில் 20 தவணையை 30 நாளுக்கு மேல் கடந்தது; இறுதியில் 2 வரவே இல்லை. அப்படியானால் தவணை முடியாத கடனுக்கு 2 விழுக்காடு, 30 நாள் கடந்ததற்கு 10 விழுக்காடு. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 9 என்ற பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலை, இந்தப் பழைய வீதத்தோடு நிற்காமல், வரவிருக்கும் நிலைமைக்கு ஏற்ப அதைத் திருத்தவும் சொல்கிறது. பில் பொருத்தத்தில் பிழை இருந்தால் அந்த 20 என்ற எண்ணே பொய்யாகிவிடும். பழைய பாக்கி இளைய பிரிவில் ஒளிந்திருப்பதால், பின்னால் வரும் ஆண்டுகளின் வீதமும் கெட்டுப்போகும்.

ஒரே கடனுக்கு இரண்டு ஒதுக்கு

தனியாக ஒதுக்கிய பில்லைப் பொது விழுக்காட்டுக் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

முழு ஒதுக்கையும் செலவாக்குவது

தேவை 5,00,000, ஏற்கெனவே ஏட்டில் 4,20,000 இருக்கிறது என்றால், இந்த ஆண்டின் செலவு 80,000.

ஆண்டிறுதிக்குப் பின் வந்த பணத்தைப் பாராமல் விடுவது

கணக்கை முடிக்கும் முன், பழைய பிரிவில் உள்ள பெரிய பில்களுக்கு அடுத்த மாதங்களில் பணம் வந்ததா என்று வங்கிக் கணக்கில் பாருங்கள். வந்திருந்தால் அந்த பில்லுக்கான ஒதுக்கைக் குறைக்க அதுவே நல்ல சான்று. ஆனால் அந்தப் பணம் அதே பில்லுக்குத்தான் வந்ததா என்பதையும் அனுப்பியவரின் குறிப்பிலேயே பார்க்க வேண்டும்.