"நல்லா இருக்கு" மட்டும் எழுதிய வகுப்பு

என் வகுப்பில் ஒருவர் எழுதிய கட்டுரையைச் சக மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து கேட்டால் எல்லாத் தாளிலும் "நல்லா இருக்கு", இல்லாவிட்டால் எழுத்துப்பிழைப் பட்டியல். நீளமான மதிப்பீட்டு அட்டவணை கொடுத்தேன், 4-க்கு 4 போட்டுவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்கள். சரி என்று அதை மையக்கருத்து, சான்று, பத்தித் தொடர்ச்சி என 3 வரியாக்கி, "எனக்குப் பிடித்தது..." என்ற தொடக்கமும் தந்தால், "எல்லாமே" என்று முடித்தார்கள்!

மதிப்பெண் கட்டத்தை எடுத்துவிட்டு, தொடக்கத்தை "'___' என்ற வரியில் எனக்கு எழும் கேள்வி..." என்று மாற்றியதும்தான் சரியானது. கோடிட்ட இடத்தில் கட்டுரையின் வரியை அப்படியே பார்த்து எழுத வேண்டும், படிக்காமல் நிரப்ப முடியாது. கைப்பேசித் தடை பற்றிய கட்டுரைக்கு ஒருத்தி, "'கைப்பேசியால் மதிப்பெண் குறைகிறது' என்ற வரியில் எனக்கு எழும் கேள்வி, இதற்குச் சான்று எங்கே?" என்று எழுதினாள். கட்டுரையை எழுதியவன் அந்தப் பத்தியைத்தான் முதலில் திருத்தினான். அப்பாடா.