சம்பளத்தைச் சொத்தென்று கணக்கிடுவதில் நேரும் தவறுகள்

வருமான வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். ஒருவர் மாதம் எவ்வளவு ஈட்டுகிறார் என்பது அவர் என் எதிரே அமர்ந்த ஐந்து நிமிடங்களில் தெரிந்துவிடும். அவரிடம் என்ன இருக்கிறது என்பது தெரிய வேண்டுமானால் பத்திரங்களையும் கடன் கணக்கு அறிக்கைகளையும் கொண்டுவரச் சொல்லி ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். பெரும்பாலானோர் முதல் எண்ணை வைத்தே தங்களையும் பிறரையும் எடைபோடுகிறார்கள். அதனால் நேரும் தவறுகளை, ஒரே குடும்பத்தில் மாமன் மச்சான் முறையுள்ள இருவரின் கணக்கை வைத்து விளக்குகிறேன். அடையாளம் தெரியாதிருக்க விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்.

மச்சானுக்கு வயது 38. சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறார். பிடித்தங்கள் போக மாதம் 1,65,000 ரூபாய் கைக்கு வருகிறது. மாமா ஆத்தூருக்குப் பக்கத்துச் சிற்றூரில் தையற்கடை வைத்திருக்கிறார். நல்ல மாதமும் மந்தமான மாதமும் கலந்து பார்த்தால் அவருக்குச் சராசரியாக 28,000 ரூபாய் நிற்கும். ஏறத்தாழ ஆறு மடங்கு வேறுபாடு. உறவினர் வட்டத்தில் யார் வசதியானவர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மாமாவே, "எனக்கு என்னங்க இருக்கு, ரெண்டு தையல் மெஷின்தான்" என்றுதான் என்னிடம் சொன்னார்.

முதல் தவறு, தவணையில் வாங்கிய பொருளை முழுவதும் தன்னுடையது என்று எண்ணுவது. மச்சான் ஐந்து ஆண்டுகளுக்கு முன் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினார். பத்திரச் செலவும் மரவேலையும் சேர்த்து 75 லட்சம் ஆயிற்று. அதில் 60 லட்சம் வங்கிக் கடன். கணக்கு எளிதாக இருக்க வட்டி மாறாமல் 8.5 சதவீதம், தவணைக்காலம் 20 ஆண்டுகள் என்று கொண்டால் மாதத் தவணை சுமார் 52,070 ரூபாய். முதல் மாதத் தவணையில் 42,500 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது; அசலில் குறைவது 9,570 ரூபாய்தான். ஐந்து ஆண்டுகளில் அவர் கட்டிய மொத்தத் தொகை 31 லட்சத்துக்குச் சற்று மேல். அசலில் கழிந்தது 7.1 லட்சம். மீதம் 52.9 லட்சம் இன்னும் நிற்கிறது. வங்கி அனுப்பும் ஆண்டறிக்கையில் அசல், வட்டி என்று இரண்டு பத்திகள் இருப்பதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. வரிச் சலுகைக்காக அந்தக் காகிதத்தை எனக்கு அனுப்பிவைப்பதோடு சரி.

இதே கணக்கை மறுபக்கமாகப் பார்த்தால் ஒரு வழி தெரியும். முதல் ஆண்டு முடிவில் கூடுதலாக ஒரு லட்சம் ரூபாயை அசலில் கட்டியிருந்தால், கடைசியில் வரும் சுமார் ஒன்பது தவணைகள் இல்லாமல் போயிருக்கும். தனிநபர்கள் பெறும் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தவணைக்காலத்தின் தொடக்கத்தில் கட்டும் பணத்துக்குத்தான் இந்த வலிமை உண்டு. பதினைந்தாம் ஆண்டில் கட்டும் அதே ஒரு லட்சம் இரண்டு மூன்று தவணைகளைத்தான் குறைக்கும்.

அந்த வீட்டின் பத்திரத்தில் இன்னொரு வரியையும் அவருக்குக் காட்டினேன். 1,100 சதுர அடி வீட்டுக்கு, யூ.டி.எஸ். என்று சொல்லப்படும் பிரிபடாத பாகமாக அவருக்கு வந்த நிலம் 480 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆக அவருக்கு உரிய மண் ஒரு சென்ட்டுக்குச் சற்று மேல், அதுவும் மற்ற வீட்டுக்காரர்களோடு பொதுவில். அடுக்குமாடி வீட்டில் கட்டடம் ஆண்டுதோறும் பழையதாகி மதிப்பிழக்கும். விலை ஏறுவது அந்த நிலப் பங்கால்தான். ஐந்தாண்டுக்குப் பிறகும் அந்த வளாகத்தில் அதே அளவு வீடு 78 லட்சத்துக்குத்தான் கைமாறுகிறது என்பதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது தவறு, சம்பளம் உயரும்போதெல்லாம் அந்த உயர்வை மாதாமாதம் கட்டியே தீர வேண்டிய தொகையாக மாற்றிவிடுவது. மச்சான் ஊதாரி அல்ல. வீட்டுத் தவணை 52,000, இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய காருக்கு 19,000, தங்கை திருமணத்துக்கு வாங்கிய தனிநபர் கடனுக்கு 12,500 என்று 83,500 ரூபாய் தவணைகளுக்கே போகிறது. இது கைக்கு வருவதில் பாதிக்கும் மேல். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு 15,000, வளாகப் பராமரிப்புக்கு 3,500, வீட்டுச் செலவுக்கு 48,000 என்று சேர்த்தால் மாதம் 1,50,000 ஆகிவிடும். வங்கியில் அவருக்கு இருப்பது ஒரு லட்சம். சம்பளம் நின்றால் அது இருபது நாளுக்குத்தான் வரும். வருங்கால வைப்பு நிதியில் ஒன்பது லட்சம் இருக்கிறது என்றாலும் வேலை போன மறுநாளே அது முழுவதும் கைக்கு வந்துவிடாது. மளிகைச் செலவைக் குறைக்கலாம், விடுமுறைப் பயணத்தைத் தள்ளிப்போடலாம். தவணையை அப்படிக் குறைக்க முடியாது. எனவே சம்பள உயர்வு வந்ததும் நான் முதலில் கேட்பது, எத்தனை ரூபாய் உயர்ந்தது என்பதல்ல. அதில் எத்தனை ரூபாய்க்கு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று என்பதே.

மாமாவின் கணக்கு வேறு விதம். 2009-இல் சென்ட் 12,000 ரூபாய் வீதம் 30 சென்ட் மானாவாரி நிலம் வாங்கினார். அந்த 3.6 லட்சத்தில் சீட்டு எடுத்த பணம் பாதி, மனைவியின் நகையை அடகு வைத்தது ஒரு லட்சம், மீதி கடையில் சேர்த்தது. நகையை மீட்டு முடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. அதுவரை வேறெதையும் அவர் வாங்கவில்லை. 2016-இல் அதை ஒட்டி 25 சென்ட், சென்ட் 30,000 ரூபாய்க்கு. அக்கம்பக்கத்தில் கடைசியாகப் பதிவான கிரயத்தின்படி இன்று சென்ட் 60,000 ரூபாய். அந்தக் கணக்கில் 55 சென்ட்டின் மதிப்பு 33 லட்சம்.

இங்கே மூன்றாவது தவறு நேர்கிறது: மண்ணில் போட்ட பணம் மாயமாகப் பெருகியது என்று நினைத்துவிடுவது. இரண்டாவது துண்டு நிலம் ஒன்பது ஆண்டுகளில் இரட்டிப்பாகியிருக்கிறது. ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். பத்திரச் செலவையும் கழித்தால் வங்கி வைப்புத்தொகையைவிட வெகுவாக உயர்ந்த ஆதாயம் என்று அதைச் சொல்ல முடியாது. அவரைக் காத்தது, நிலத்தில் போட்ட பணத்தை அவசரத்துக்குச் சிறிது சிறிதாக எடுத்துச் செலவழிக்க முடியாது என்பது. ஒரு பண்டிகைக்காக யாரும் அரை சென்ட்டை விற்பதில்லை.

அவர் சிக்கனக்காரர், இவர் அப்படியில்லை என்று முடிவுகட்டுவதும் சரியல்ல. மாமா வாடகை கொடுப்பதில்லை. தகப்பனார் கட்டிய ஓட்டு வீட்டில் குடியிருக்கிறார். அதே வீட்டுக்கு வாடகை கொடுத்திருந்தால் பதினைந்து ஆண்டுகளில் அவருடைய முதல் துண்டு நிலத்தின் விலை அதிலேயே போயிருக்கும். மச்சானுக்கோ ஊரில் ஒட்டிக்கொள்ளக் கூரையில்லை. படிப்புக் கடனை அடைத்து, தங்கைக்கு மணம் முடித்து, பிறகுதான் தனக்கென்று தொடங்கினார். ஒருவர் ஓட்டத்தை எங்கிருந்து தொடங்கினார் என்பதைச் சேர்க்காமல் இரண்டு கணக்குகளை ஒப்பிடுவது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

இப்போது இருப்பதையும் கொடுக்க வேண்டியதையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். மச்சானுக்கு வீடு 78 லட்சம், அதில் கடன் 52.9 லட்சம் போக 25.1 லட்சம். இன்று விற்றால் 7.5 லட்சம் பெறும் காரில் 6 லட்சம் கடன், மிஞ்சுவது 1.5 லட்சம். வைப்பு நிதியும் வங்கி இருப்பும் 10 லட்சம். தனிநபர் கடன் பாக்கி 4 லட்சத்தைக் கழித்தால் நிகரமாக 32.6 லட்சம். மாமாவுக்கு நிலம் 33 லட்சம், அஞ்சலகச் சேமிப்பு 1.5 லட்சம், நகைக்கடன் பாக்கி 80,000 ரூபாய், நிகரம் 33.7 லட்சம். இருவர் வீட்டு நகைகளையும் குடியிருக்கும் ஓட்டு வீட்டையும் நான் சேர்க்கவில்லை. மாமாவின் மாதச் செலவு 20,000 ரூபாய். கடையைப் பூட்டிவிட்டாலும் அஞ்சலகச் சேமிப்பு ஏழு மாதத்துக்கு வரும்.

நான்காவது தவறு நிலம் வைத்திருப்பவர்கள் செய்வது: காகிதத்தைப் பார்க்காமல் மதிப்பைச் சொல்வது. தரகர் வாயால் சொல்லும் விலை ஒன்று, அரசின் வழிகாட்டி மதிப்பு ஒன்று, வாங்குபவர் உண்மையில் எண்ணிவைக்கும் பணம் ஒன்று. மூன்றாவதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். மாமாவின் நிலத்துக்குத் தரகர் சென்ட் 70,000 என்றார். அந்த விலைக்கு அப்பகுதியில் ஒரு கிரயமும் நடக்கவில்லை. வண்டி போகப் பாதையில்லாத நிலமானால் அக்கம்பக்கத்து விலையும் அதற்குப் பொருந்தாது. "எங்களுக்கு மூன்று ஏக்கர்" என்று சொல்லும் ஒருவரின் பட்டா இன்னமும் இறந்துபோன தந்தையின் பெயரில் இருக்கும். சகோதரிகளையும் சேர்த்து வாரிசுகள் ஐந்து பேர் என்றால் அவருக்கு உரியது 60 சென்ட், அதுவும் பாகப்பிரிவினை ஆன பிறகு.

வில்லங்கச் சான்றைத் tnreginet.gov.in தளத்தில் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பதிவான கிரயமும் அடமானமும்தான் அதில் தெரியும். விடுபட்ட வாரிசும் நிலத்தின் உண்மையான அளவும் அதில் தெரியா. அதற்குத் தாய்ப்பத்திரம், பட்டா, புல வரைபடம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாமாவின் இரண்டாவது துண்டு கூட்டுப் பட்டாவிலேயே கிடந்தது. உட்பிரிவு செய்து தனிப்பட்டா கேட்டு விண்ணப்பியுங்கள் என்று நான்தான் வற்புறுத்தினேன். சில மாதங்கள் கழித்து நில அளவர் வந்து சங்கிலி பிடித்தார். பத்திரத்தில் 25 சென்ட் என்றிருந்த நிலம், வரப்பு வரப்பாக அளந்தபோது 23 சென்ட்தான் தேறியது. விற்றவரும் இப்போது உயிரோடு இல்லை. மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு மூலையிலும் கல் நட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டார். நான் என் குறிப்பேட்டில் அவருடைய நிகரத் தொகையை அடித்துவிட்டு 32.5 லட்சம் என்று திருத்தி எழுதினேன்.